மூன்று நாள் ஒஃபிஸ் ட்ரிப்புக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

கோண்டாவில்காரி

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். கிளையில் மொத்தம் பதின்மூன்று பேர். நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு, போயா லீவு சேர்ந்து வருகிற வார இறுதியில் நிலாவெளிக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. முதல் நாள் விடியவே வானில் வெளிக்கிட்டு, இரண்டு இரவு தங்கித் திரும்புவது. ஒரு அறைக்கு மூன்று பேர். புறாமலைத் தீவு, கடற்குளிப்பு, இரவில் கடற்கரையில் நெருப்பு மூட்டிப் பாட்டும் விளையாட்டும்.

நான் போக விரும்பவில்லை. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஆனால் விடிய எழும்பினதில் இருந்து படுக்கிற வரைக்கும் ஆட்களுக்குள்ளேயே இருந்தால் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் வற்றிப்போய்விடும். அறையிலும் தனியாக இருக்க முடியாது. திரும்பி வந்து அந்தக் கிழமை முழுக்க வேலையில் மனம் நிற்காது.

போன முறை ஒருவர் வரவில்லை. அவரைப் பற்றி இன்றைக்கும் "அவ பெரிய ஆள், எங்களோட எல்லாம் வரமாட்டா" என்று கதைக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு வந்துவிடுமோ என்றுதான் பயம். வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் "நான் ரெடி" போட்டுவிட்டார்கள். நான் இன்னும் ஒன்றும் போடவில்லை. எப்படிச் சொல்வது?

சுன்னாகத்தான்

தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கு? வீட்டில் விடமாட்டினம் என்று சொல்லும். இரவு தங்கல் என்றால் எங்கட ஊரில் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசமாட்டினம். உம்மிலும் பிழை வராது, அவர்களுக்கும் மனம் நோகாது. என்னுடைய மனிசி வேலை செய்த இடத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இளநிலா

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆளணிப் பிரிவில் கனகாலம் வேலை செய்தவள் நான். சுன்னாகத்தான் அண்ணை சொன்னது பாதி சரி. வீடு என்ற காரணத்தை எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அது உண்மையான காரணமாக இருந்தால் மட்டும்தான் நிற்கும்.

பொய்யாகச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துப் பாரும், தங்கச்சி. ஒழுங்கு செய்கிற அக்கா "அம்மாவோட நான் கதைக்கிறன், நம்பரைத் தாரும்" என்பார். இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்து, "நாங்கள் பத்திரமாக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவம் அன்ரி" என்று கேட்பார்கள். அம்மாவோ "ஓம், போகட்டும், நான் என்ன மறிச்சனானோ" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு உமக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சுகமில்லை என்பது இன்னும் மோசம். அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொன்னால் திங்கட்கிழமை பின்னேரம் அப்பிளும் மோல்ட் ரின்னுமாக ஆட்கள் வந்து வாசலில் நிற்பார்கள். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பார். கோண்டாவிலுக்கும் நகரத்துக்கும் இடையில் எத்தனை கிலோமீற்றர்? எங்கள் ஊரில் யாருக்கும் யாரையாவது தெரியும். வராததை ஆட்கள் மறந்துவிடுவார்கள், பொய் சொன்னதை மறக்கமாட்டார்கள். "பெரிய ஆள்" என்ற பெயரும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் போன முறை ஆள் எப்படி மறுத்தார் என்று விசாரித்துப் பாரும்.

கோண்டாவில்காரி

விசாரித்தேன் அக்கா. அவர் "பாப்பம், பாப்பம்" என்று கடைசி வரைக்கும் சொல்லிவிட்டு, வான் வருவதற்கு முதல் நாள் இரவு "வரேல்ல" என்று குழுவில் ஒரு சொல்லில் போட்டிருக்கிறார். பிறகு போனையும் எடுக்கவில்லை.

வடலி

இதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் இடத்தில் ட்ரிப் ஒழுங்கு செய்கிறவன் நான்தான். அந்தப் பக்கத்தில் இருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

"பாப்பம்" என்கிறவரை நான் வருகிற ஆளாகத்தான் எண்ணுவேன். எண்ணாமல் விட்டுவிட்டு அவர் வந்து நின்றால் இருக்க இடம் இருக்காதே. ஒரு கணக்குச் சொல்கிறேன். அறை ஒன்று ஒரு இரவுக்கு 18,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 36,000. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 12,000. அதில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு 18,000 கட்ட வேண்டும். அல்லது அந்த 12,000 என்னுடைய தலையில். வான்காரர் ஆள் குறைந்தது என்று வாடகையைக் குறைக்கமாட்டார். அறைக்கு முற்பணம் கட்டிவிட்டால் அதுவும் பெரும்பாலும் திரும்பி வராது.

அதே ஆள் முற்பணம் கட்ட முதல் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. அறையை வேறு மாதிரிப் பிரித்திருப்பேன், சில நேரம் சின்ன வானே போதுமாக இருந்திருக்கும். ஆகவே கோபம் வருவது அவர் அமைதியான ஆள் என்பதால் இல்லை. எங்களை அந்தரிக்க விட்டதால்தான்.

முற்பணம் எப்போது கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு முதல் சொல்லிவிடுங்கள். அதையும் குழுவில் சொல்ல வேண்டாம், ஒழுங்கு செய்கிறவரிடம் நேரே சொல்லுங்கள். குழுவில் போட்டால் பத்துப் பேர் "ஏன்? ஏன்? வாங்கோ" என்று போடுவார்கள், அதற்கெல்லாம் பதில் எழுதியே நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

பண்ணைப்பாலம்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கூச்சத்தை இப்படி வளரவிடக்கூடாது. நானும் சின்ன வயதில் மேடை ஏறினால் நடுங்குவேன். வாசிகசாலைப் பேச்சுப் போட்டியில் விடாமல் பங்குபற்றி மாறினேன். நீங்கள் இந்த ட்ரிப்புக்குக் கட்டாயம் போங்கள். முதல் இரவு கஷ்டமாக இருக்கும், இரண்டாம் இரவு நீங்களே பாடுவீர்கள். ஓடினால் வாழ்நாள் முழுக்க ஓட வேண்டும்.

கோண்டாவில்காரி

அக்கறையாகச் சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் எனக்குக் கூச்சம் இல்லை. கொழும்பு ஆட்களுக்கு முன்னால் வேலையை விளக்கிக் காட்டுவது நான்தான், அதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. பாடச் சொன்னால் பாடுவேன்கூட. பயத்தில் ஒதுங்கவில்லை. பாடி முடித்து, எல்லாரும் படுத்த பிறகும் பக்கத்தில் இரண்டு பேர் இருப்பார்களே, அதுதான் எனக்கு முடியாது.

வேம்படிச் சந்தி

உளவியல் படிக்கிறேன். 2023இல் அமெரிக்காவில் ஜூலியன் கிவி, கொலின் கேர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒருவர் அழைப்பை மறுக்கும்போது, அழைத்தவர் எவ்வளவு மனம் நோவார் என்று மறுப்பவரிடம் கேட்டார்கள். அழைத்தவரிடமும் அதையே கேட்டார்கள். மறுத்தவர்கள் பயந்த அளவுக்கு அழைத்தவர்கள் நோகவில்லை. மறுக்கிறவருக்குத் தான் சொன்ன "இல்லை"தான் பெரிதாகத் தெரிகிறது. அழைத்தவரோ, இவர் யோசித்துப் பார்த்துத்தானே முடியாது என்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்.

காரணம் சொல்வதைப் பற்றி வேறு ஆய்வும் இருக்கிறது. "நேரமில்லை" என்று மறுப்பது "காசில்லை" என்று மறுப்பதைவிடக் கூடுதலாக உறவைப் பாதிக்கிறதாம். நேரம் அவரவர் கையில் இருக்கிறது, எங்களுக்குத் தர விருப்பமில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, பிஸி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இளநிலா

தம்பி சொன்னது நல்ல விஷயம், பிஸி என்று சொல்லவேண்டாம் என்பதை நானும் அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் "பயப்பட ஒன்றுமில்லை" என்பதை அப்படியே எடுக்க முடியாது. இரவுச் சாப்பாட்டுக்கு வா, கண்காட்சிக்கு வா என்பது மாதிரி ஒருமுறை அழைத்து ஒருமுறை மறுப்பது வேறு. ஒஃபிஸில் அதே ஆட்கள், வருடம் முழுக்க, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒரு மறுப்பை யாரும் கணக்கு வைக்கமாட்டார்கள். பிறந்தநாள் கேக்குக்கும் இல்லை, கலியாணவீட்டுக்கும் இல்லை, ட்ரிப்புக்கும் இல்லை என்றால் அது கணக்காகிவிடும்.

நான் பார்த்த அளவில், அமைதியான ஆட்களில் யாருக்குக் கெட்ட பெயர் வரவில்லை என்றால், எதற்கு வருவேன் என்று தாங்களே முடிவுசெய்து வைத்திருந்தவர்களுக்குத்தான். ஒருவர் இருந்தார், இரவு தங்கல் எதற்கும் வரமாட்டார். ஆனால் யாருடைய வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். குசினிப் பக்கம் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், கதைக்கவே மாட்டார். அவரை ஒருத்தரும் பெரிய ஆள் என்று சொன்னதில்லை.

இனி, எப்படிச் சொல்வது என்று. நீர் ஒரு வரைவு எழுதிப் போடும் பார்ப்போம்.

கோண்டாவில்காரி

எழுதிப் பார்த்தேன்:

"அக்கா, மன்னிக்கவேணும். எனக்கு வர நல்ல விருப்பம், ஆனா வீட்டில கொஞ்சம் பிரச்சினை, அதோட வேலையும் கனக்க இருக்கு, வான்ல போனா எனக்குச் சத்தியும் வாறது, பிறகு எனக்குக் கூட்டத்தில இருக்கிறதும் கஷ்டம், பிழையா நினைக்காதைங்கோ, அடுத்த முறை கட்டாயம் வருவன், உண்மையா சொறி அக்கா."

இளநிலா

இதில் ஐந்து கதவு திறந்து கிடக்கிறது. சத்தி வரும் என்றால் முன் சீற் தருவார்கள். வேலை இருக்கிறது என்றால் மனேஜர் குறைத்துத் தருவார். விருப்பம் என்றால் விருப்பமுள்ள ஆளைக் கூட்டிக்கொண்டு போவதுதானே நியாயம்? ஒவ்வொன்றாக அவர்கள் தீர்த்துவைத்த பிறகும் நீர் வரவில்லை என்றால்தான் "எங்களோட வர மனமில்லை" என்று முடிவு கட்டுவார்கள். அடுத்த முறை கட்டாயம் வருவேன் என்பதையும் எடும், அது அடுத்த வருடத்துக்கு இப்போதே வாங்குகிற கடன்.

ஒரேயொரு காரணம், அது உண்மையானது, அதோடு அவர்களுக்கு ஒரு சொல். நான் என்றால் இப்படிச் சொல்வேன், தேத்தண்ணி நேரத்தில், பக்கத்தில் போய் நின்று:

"அக்கா, நான் இந்த ட்ரிப்புக்கு வரேல்ல. இரவு பகலா ஆக்களோட நிண்டா எனக்கு நல்லாக் களைச்சுப்போகும், சின்னனில இருந்தே அப்பிடித்தான். உங்களில ஒருத்தரோடயும் கோவமில்லை. நீங்கள் றூமுக்குக் காசு கட்ட முதல் சொல்லிப்போடுவம் எண்டு வந்தனான்."

அவ்வளவுதான். முகத்தைப் பார்த்துச் சொல்லும்.

பிறகு ஒன்று நடக்கும், அதற்குத் தயாராக இரும். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் யாராவது முதல் தரத்திலேயே விடுகிறார்களா? மூன்று தரம் கேட்பார்கள், அது மரியாதை. ட்ரிப்புக்கும் அப்படித்தான் கேட்பார்கள். இரண்டாம் தரம் கேட்கும்போது புதுக் காரணம் சொல்ல வேண்டாம். "இல்லையக்கா, களைச்சுப்போவன், நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்று அதே சொல்லை அதே சிரிப்போடு சொல்லும். மூன்றாம் தரத்தோடு நின்றுவிடும். ஆட்கள் நெருக்குவது பெரும்பாலும் காரணம் மாறிக்கொண்டு போகும்போதுதான்.

ரொறன்ரோவாசி

எனது அனுபவம் வேறு. இங்கே கனடாவில் நானும் உண்மையைத்தான் சொன்னேன். நத்தார் விருந்துகளுக்கு வருவதில்லை, நான் ஒரு அமைதியான ஆள், கூட்டம் ஒத்துவராது என்று மனேஜரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வருட முடிவு மதிப்பீட்டில் "குழுவோடு இன்னும் நெருங்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் என் சுபாவத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. "அன்றைக்கு வர முடியாது, கேட்டதற்கு நன்றி" என்பதோடு சரி. தங்கச்சி, கவனமாக இருங்கள். உண்மை சொல்வது நல்லதுதான், ஆனால் சொன்னது கோப்பில் ஏறும்.

இளநிலா

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், அப்படி எழுதுகிற மனேஜர்களை நானும் கண்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. "நான் இப்படியான ஆள், விருந்துகளுக்கு வருவதில்லை" என்பது எல்லா விருந்துக்கும் சேர்த்துச் சொன்ன மறுப்பு. "இரண்டு இரவு தங்கினால் களைத்துப்போவேன்" என்பது இந்த ஒரு ட்ரிப்புக்கு மட்டுமான மறுப்பு. முதலாவதைக் கேட்பவர் உங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். ஆனாலும் மனேஜரிடம் சொல்வதா, கூட வேலை செய்பவரிடம் மட்டும் சொல்வதா என்பதை அந்த மனேஜரைத் தெரிந்தவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வேம்படிச் சந்தி

அப்படியென்றால் காரணமே சொல்லாமல் விடுவதும் சரிதானே அக்கா? ரொறன்ரோ அண்ணைக்கு அது வேலை செய்கிறது.

இளநிலா

ரொறன்ரோவில் சரி. இங்கே காரணம் சொல்லாவிட்டால் மற்றவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். இவவுக்கும் இன்னாருக்கும் கதை பேச்சில்லையாம், அதுதான் வரவில்லையாம் என்று இரண்டு நாளில் வந்துவிடும்.

வடலி

இன்னுமொன்று கேட்க வேண்டும். அந்த ட்ரிப்பில் வேலை சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா? சில இடங்களில் காலையில் இரண்டு மணித்தியாலம் கூட்டம் வைத்துவிட்டுத்தான் கடலுக்கு விடுவார்கள்.

கோண்டாவில்காரி

இருக்கிறது. இப்போதுதான் நிரலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை 9 மணியில் இருந்து 11 மணி வரை "அடுத்த வருடத் திட்டம்". கொழும்பில் இருந்தும் ஒருவர் வருகிறாராம்.

இளநிலா

அப்ப கதை மாறுகிறது. அக்காவிடம் மட்டும் சொன்னால் போதாது. கடற்குளிப்புக்கு வராத ஆளை யாரும் தேடமாட்டார்கள், யார் எந்த வேலையை எடுப்பது என்று பிரிக்கிற கூட்டத்தில் இல்லாத ஆளுக்குப் பிறகு மிச்சம் கிடந்ததுதான் வரும். மனேஜரிடம் தனியாகப் போய், ட்ரிப்புக்கு வரவில்லை, அந்த 9 மணிக் கூட்டத்துக்கு மட்டும் வீடியோவில் இணையலாமா என்று கேளும். நிலாவெளியில் ஹோட்டலில் லைன் இழுபடும் என்றால், உம்முடைய பிரிவுக்கு அடுத்த வருடம் என்ன தேவை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முதலே கொடும். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் அவர் ஓம் என்றால், வேலையில் இருந்து ஒதுங்குகிறீர் என்று யாரும் சொல்ல இடமில்லை.

சுன்னாகத்தான்

அதோடு, லீவு நாளில் அவசர வேலை வந்தால் நான் பார்க்கிறன், நீங்கள் எல்லாரும் நிம்மதியாப் போங்கோ என்று சொன்னால் எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவினம். இதை நம்பிச் செய்யலாம்.

இளநிலா

ஒருமுறை செய்யலாம் அண்ணை, நல்ல மனதோடு. ஆனால் அதை வராததற்குத் தண்டப்பணம் மாதிரிக் கட்டத் தொடங்கினால் அடுத்த வருடம் கேட்காமலே இவவின் பெயரைப் போட்டுவிடுவார்கள். தீபாவளிக்கும் இவ, பொங்கலுக்கும் இவ என்று வந்து நிற்கும். "இந்த முறை நான் பார்க்கிறன்" என்று, இந்த முறை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதைவிட நல்லது உமக்கு ஒத்துவருகிற ஒன்றுக்கு நீரே அவர்களை அழைப்பது. மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள்தானே. ட்ரிப் முடிந்து வருகிற கிழமையில் ஒருநாள் வீட்டில் இருந்து ஏதாவது சமைத்துக்கொண்டு போம். படங்களைக் காட்டச் சொல்லிக் கேளும். போகாத ஆள் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பதைத்தான் போய்வந்த ஆட்கள் மனதில் வைத்திருப்பார்கள்.

கோண்டாவில்காரி

இன்றைக்குக் கதைத்தேன். அக்காவிடம் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன சொற்களையே சொன்னேன். முதலில் "சும்மா இரும், எல்லாரும் வரேக்க நீர் மட்டும் என்ன" என்றார். இரண்டாம் தரம் அம்மாவோடு கதைக்கட்டோ என்று கேட்டார், இளநிலா அக்கா சொன்ன மாதிரியே. அம்மா விடுவா அக்கா, எனக்குத்தான் களைச்சுப்போகும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சரி, அப்ப மூண்டாவது றூமில இரண்டு பேர்தான், நல்லாப் படுக்கலாம்" என்றார். முற்பணம் இன்னும் கட்டவில்லையாம். குழுவில் தானே பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

மனேஜர் வீடியோவுக்கு ஓம் என்றார். எழுதித் தரவும் சொன்னார். ஆனால் எழும்பும்போது, "கொழும்பில் இருந்து வாறவர் உங்களைச் சந்திக்க விரும்பினவர்" என்று ஒரு வசனம் சொன்னார். அது சும்மா சொன்னதா, குத்திச் சொன்னதா என்று விளங்கவில்லை.

வடலி

சும்மா சொன்னதாகவும் இருக்கலாம். கொழும்பு ஆள் நிலாவெளிக்கு யாழ்ப்பாணம் வந்துதான் போகிறாரா, நேரே திருகோணமலைக்குப் போகிறாரா என்று கேளுங்கள். வருகிறார் என்றால் முதல் நாளோ பிறகோ ஒஃபிஸிலேயே சந்திக்கலாமே.

கோண்டாவில்காரி

அது எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

பண்ணைப்பாலம்

நான் இன்னும் போயிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூச்சம் வேறு, இது வேறு என்பது இப்போது விளங்குகிறது. என் மகளும் இப்படித்தான். அவளை நான் எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

நாவற்குழி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் இடத்தில் ட்ரிப் கட்டாயம் என்று கடிதமே தந்துவிட்டார்கள். வராவிட்டால் இரண்டு நாள் லீவு வெட்டப்படுமாம். அதற்கும் இப்படிக் கதைக்கலாமா?

இளநிலா

லீவு வெட்டுவதென்றால் அது உல்லாசப் பயணம் இல்லை, வேலை நாள். அந்தக் கடிதத்தில் நிரல் இருக்கிறதா, இரவு தங்குவதும் கட்டாயமா, பகல் நிகழ்ச்சி மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டுக் கதைப்போம். வாயால் சொன்னால் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

நாவற்குழி

கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.